நடையும் எடைப் பயிற்சியும் ஓய்வுநிலை ரத்த அழுத்தமும்: முதல் அளவிலிருந்து 13-ஆம் வாரம் வரை

வீட்டில் பி.பி. 135/85-க்கு மேல் இருக்கிறது, மருத்துவர் "நடங்க, உடற்பயிற்சி பண்ணுங்க" என்று சொல்லி அனுப்பிவிட்டார், எங்கிருந்து தொடங்குவது என்று தெரியவில்லை. அப்படி இருப்பவர்களுக்காக எழுதியது இது. மாத்திரை சாப்பிடுபவர்களுக்கும் பொருந்தும்.

எவ்வளவு எதிர்பார்க்கலாம் என்பதை முதலிலேயே சொல்லிவிடலாம். ரத்த அழுத்தம் உள்ளவர் வாரத்தில் பெரும்பாலான நாட்கள் வேகமாக நடந்தால், மூன்று மாதத்தில் மேல் அளவு சராசரியாக 5 முதல் 8 புள்ளி வரை இறங்கும். கீழ் அளவு அதில் ஏறக்குறைய பாதி இறங்கும். எடைப் பயிற்சி மட்டும் செய்தால் மேல் அளவில் 4 புள்ளி அளவுக்குக் குறையும். இரண்டும் சேரும்போது பலன் கொஞ்சம் கூடும். 170-ஐ நடந்தே 120 ஆக்கிவிட முடியாது. ஆனால் 8 புள்ளி என்பது ஒரு மாத்திரை தரும் பலனுக்குப் பக்கத்தில் வரும்.

படிகளின் வரிசை முக்கியம். பெரும்பாலோர் ஐந்தாம் படியில் தொடங்கி, முதல் நான்கையும் விட்டுவிடுகிறார்கள்.

## 1. கையில் இருக்க வேண்டியவை

மேல்கையில் கட்டும் தானியங்கி பி.பி. மிஷின் ஒன்று வேண்டும். மணிக்கட்டில் கட்டுவது வேண்டாம். கை வைக்கும் உயரம் சற்று மாறினாலும் அதன் அளவு தாறுமாறாகும்.

மிஷினைவிட அதன் பட்டையின் அளவுதான் முக்கியம். தையல் டேப்பால் தோளுக்கும் முழங்கைக்கும் நடுவில் கையின் சுற்றளவை அளந்து பாருங்கள். (திருப்பூர்ப் பக்கம் டேப் இல்லாத வீடு இருக்காது.) மிஷினோடு வரும் சாதாரணப் பட்டை பெரும்பாலும் 22 முதல் 32 செ.மீ. வரை உள்ள கைக்குத்தான் சரிப்படும். அதற்கு மேல் இருந்தால் பெரிய பட்டையைத் தனியாகக் கேட்டு வாங்க வேண்டும். தடித்த கையில் சிறிய பட்டையைக் கட்டினால் இல்லாத பி.பி. இருப்பதாகக் காட்டும்.

இவற்றோடு ஒரு நோட்டு, கைப்பிடி இல்லாத உறுதியான நாற்காலி, மூடியுள்ள 5 லிட்டர் தண்ணீர் கேன் இரண்டு, நீளமான ரப்பர் பட்டை ஒன்று. ஜிம்முக்குப் பணம் கட்டுவதை மூன்று மாதம் கழித்து யோசிக்கலாம்.

## 2. முதல் ஏழு நாள்: நடக்காமல் அளவு மட்டும்

இந்த வாரத்தைத் தாண்டிவிடத்தான் எல்லோருக்கும் ஆசை. தாண்டக்கூடாது. காரணம் கணக்கில் இருக்கிறது. மூன்று மாத உழைப்பு தரப்போகும் மாற்றமே 5 முதல் 8 புள்ளிதான். அளக்கும்போது கை இதயத்தின் உயரத்தைவிட 10 செ.மீ. தாழ்ந்திருந்தாலே அளவு ஏறக்குறைய 8 புள்ளி கூடிவிடும். அதாவது, கையைத் தொடைமேல் தொங்கவிட்டு எடுக்கும் ஒரு தப்பான அளவு, மூன்று மாத நடையை மறைத்துவிடும். இல்லாத பலனை இருப்பதாகவும் காட்டிவிடும்.

காலையில் எழுந்து, சிறுநீர் கழித்தபின், மாத்திரை, காபி, சாப்பாடு எல்லாவற்றுக்கும் முன்னால் அளக்க வேண்டும். நாற்காலியில் முதுகு சாய்ந்து, கால் இரண்டும் தரையில் படிய, மேசைமேல் கையை மார்பு உயரத்துக்கு வைத்து ஐந்து நிமிடம் சும்மா உட்காருங்கள். பேச்சு, போன், டி.வி. எதுவும் கூடாது. பட்டை வெறும் கையில் இருக்க வேண்டும். ஒரு நிமிட இடைவெளியில் இரண்டு முறை அளந்து, இரண்டையும் எழுதுங்கள். இரவு படுக்கும் முன் இதே போல இரண்டு. டீ, காபி, பீடி, சிகரெட் எதுவானாலும் அதற்குப்பின் அரை மணி நேரமாவது கழிய வேண்டும்.

ஏழு நாள் முடிந்ததும் முதல் நாளை அடித்துவிடுங்கள். புது மிஷினைப் பார்த்த படபடப்பில் அந்த நாள் அளவு கூடியே இருக்கும். மீதி ஆறு நாள் அளவுகளின் சராசரிதான் உங்கள் ஓய்வுநிலை ரத்த அழுத்தம். மருத்துவமனையில் 140/90 என்பது வீட்டில் 135/85-க்குச் சமம். அதனால் வீட்டு அளவை 140-ஓடு ஒப்பிட்டு "சரியாத்தான் இருக்குது" என்று விட்டுவிட வேண்டாம்.

## 3. தொடங்கவே கூடாத நிலை, அன்றைக்கு மட்டும் கூடாத நிலை

இவை இரண்டும் வேறு வேறு. குழப்பிக்கொண்டால் ஒன்று ஆபத்து, இன்னொன்று வீண் பயம்.

மருத்துவர் பார்த்துச் சரி என்று சொல்லும்வரை தொடங்கவே கூடாதவர்கள் முதலில். ஏறும்போதோ வேகமாக நடக்கும்போதோ நெஞ்சில் பாரமோ இறுக்கமோ வந்து, நின்றால் விடுகிறவர்கள். காரணமின்றி மயங்கி விழுந்தவர்கள். சமீபத்தில் மாரடைப்போ பக்கவாதமோ வந்தவர்கள். இதய வால்வு சுருக்கம், மகாதமனி வீக்கம், கட்டுப்படாத இதயத் துடிப்புக் கோளாறு, கால் வீங்கி மூச்சு வாங்கும் இதயச் செயலிழப்பு என்று ஏற்கெனவே சொல்லப்பட்டவர்கள். கர்ப்பகாலத்தில் பி.பி. ஏறியவர்கள். சர்க்கரையால் கண்ணின் விழித்திரையில் ரத்தக் கசிவு உள்ளவர்கள் மருத்துவர் ஒப்புதலோடு நடக்கலாம், ஆனால் எடை தூக்கக்கூடாது. முக்கும்போது ஏறும் அழுத்தம் அந்த மெல்லிய குழாய்களை உடைத்துவிடும்.

அன்றைக்கு மட்டும் வேண்டாம் என்பதற்கு எல்லை 180/110. இரண்டில் ஏதாவது ஒன்று தொட்டிருந்தால், ஐந்து நிமிடம் கழித்து மறுபடி அளங்கள். அப்போதும் அப்படியே இருந்தால் நடையும் இல்லை, எடையும் இல்லை. அன்றோ மறுநாளோ மருத்துவரைப் பாருங்கள். அதோடு நெஞ்சுவலி, மூச்சுத் திணறல், கடும் தலைவலியோடு பார்வை மங்கல், ஒரு பக்கக் கை கால் தளர்ச்சி, பேச்சுக் குழறல் இவற்றில் ஒன்று இருந்தாலும் காத்திருக்காமல் 108-ஐ அழைக்க வேண்டும்.

காய்ச்சலும் உடம்பு வலியும் இருக்கும் நாட்களில் பயிற்சி வேண்டாம். சில வைரஸ் காய்ச்சல்கள் இதயத் தசையையும் தாக்கும். அந்த நேரத்தில் உழைத்தால் துடிப்பு தடம் புரளலாம். காய்ச்சல் முழுக்க விட்டு, படி ஏறினால் வழக்கம்போல் இருக்கிறது என்று தெரிந்தபின் மெதுவாகத் தொடங்குங்கள்.

இடைப்பட்ட ஒரு வரம்பும் உண்டு. மேல் அளவு 160-க்கு மேல் இருப்பவர்கள் சமதரையில் மிதமாக நடக்கலாம். ஓட்டம், மலையேற்றம், கனமான எடை எல்லாம் அது இறங்கிய பிறகுதான்.

## 4. எந்த மாத்திரை என்று பார்த்துக்கொள்ளுங்கள்

அட்டையைத் திருப்பி மருந்தின் பெயரைப் படியுங்கள். பயிற்சி முறை அதற்கேற்ப மாறும்.

அட்டனலால், மெட்டோபிரலால் போன்றவை இதயத் துடிப்பையே மெதுவாக்கும். இவற்றைச் சாப்பிடுபவர் கையில் கட்டும் வாட்ச் காட்டும் துடிப்பை வைத்து வேகம் கூட்டக்கூடாது. வாட்ச் சொல்லும் எண்ணை எட்ட வேண்டும் என்று ஓடினால் உடம்பு தாங்காது. இவற்றை நாமாகத் திடீரென்று நிறுத்துவதும் ஆபத்து.

சிறுநீர் அதிகம் போக வைக்கும் குளோர்தாலிடோன், ஹைட்ரோகுளோரோதயசைடு போன்றவற்றைச் சாப்பிட்டுவிட்டு ஈரோட்டிலும் கரூரிலும் சித்திரை வெயிலில் நடந்தால், உடம்பில் நீர் குறைந்து தலை சுற்றும். மாசியிலிருந்து வைகாசி வரை வெள்ளெனக் கிளம்பி ஏழு மணிக்குள் வீடு திரும்பிவிட வேண்டும்.

அம்லோடிபின், பிரசோசின் போன்றவை ரத்தக் குழாய்களை விரிக்கும். பயிற்சியும் விரிக்கும். வேகமாக நடந்துவிட்டுச் சட்டென்று நின்றால் ரத்தம் காலிலேயே தங்கி, கண் இருட்டும். கடைசி ஐந்து நிமிட மெதுநடை இதற்காகத்தான்.

இன்னொன்று, பலர் கவனிக்காதது. புதிதாக நடக்கத் தொடங்கியவருக்கு இரண்டாம் வாரம் முட்டி வலிக்கும். மருந்துக் கடையில் டைக்ளோபினாக், ஐபுபுரூஃபன் என்று வலி மாத்திரை வாங்கித் தினமும் போடுவார். இவை உடம்பில் உப்பையும் நீரையும் தேக்கி, பி.பி.யை ஏற்றும், சில பி.பி. மாத்திரைகளின் வேலையையும் கெடுக்கும். "நடந்தும் பி.பி. ஏறுதுங்க" என்று வருபவரிடம் முதலில் கேட்க வேண்டிய கேள்வி இதுதான். முட்டி வலித்தால் தூரத்தைப் பாதியாக்குங்கள், செருப்பை விட்டு ஷூவுக்கு மாறுங்கள்.

## 5. நடை: முதல் நான்கு வாரம் இது மட்டும்

"தறியில நாளெல்லாம் நடந்துக்கிட்டுத்தானுங்க இருக்கறேன், தனியா வேற நடக்கோணுமா?" சோமனூர், பல்லடம் பக்கம் அடிக்கடி கேட்கும் கேள்வி. நடக்க வேண்டும். தறிக்கும் தறிக்கும் இடையே நாலு எட்டு வைத்து நிற்பது, மறுபடி நாலு எட்டு வைப்பது என்ற நடையில் துடிப்பு தொடர்ந்து ஏறி நிற்பதில்லை. நெடுநேரம் நிற்பதும் விடாத இரைச்சலும் அழுத்தத்தை ஏற்றும் பக்கத்தில்தான் சேரும். காட்டு வேலைக்கும் பனியன் கம்பெனி வேலைக்கும் இதே பதில்.

வேகத்துக்கு அளவுகோல் பேச்சு. பக்கத்தில் வருபவரோடு முழு வாக்கியம் பேச முடிய வேண்டும், பாட்டுப் பாட முடியக்கூடாது. பாட முடிந்தால் வேகம் போதாது. இரண்டு சொல்லுக்கு ஒருமுறை மூச்சு வாங்கினால் வேகம் அதிகம். எண்ணிப் பார்ப்பதானால் 15 விநாடிக்கு 25 எட்டு, அதாவது நிமிடத்துக்குச் சுமார் 100. வயதானவருக்கு இதில் குறைந்தாலும் பேச்சு அளவுகோல் சரியாக இருந்தால் போதும்.

முதல் இரண்டு வாரம் வாரத்துக்கு ஐந்து நாள், நாளுக்கு 20 நிமிடம். அதில் முதல் ஐந்தும் கடைசி ஐந்தும் மெதுவாக. மூன்றாம், நான்காம் வாரம் 30 நிமிடம். ஐந்தாம் வாரத்திலிருந்து 40. முன்னும் பின்னும் உள்ள மெதுநடையைக் கழித்தால் வேகநடை வாரத்துக்கு 150 நிமிடம் வருகிறது. உலகச் சுகாதார நிறுவனம் குறைந்தபட்சமாகச் சொல்லும் அளவும் அதுவே.

தமிழக அரசின் "நடப்போம் நலம் பெறுவோம்" திட்டத்தில் மாவட்டந்தோறும் 8 கி.மீ. நடைபாதை அமைத்திருக்கிறார்கள். பாதை 8 கி.மீ. இருக்கிறது என்பதற்காக முதல் நாளே 8 கி.மீ. நடக்க வேண்டியதில்லை. கோவை ரேஸ்கோர்ஸ் பாதையில் தை மாதம் முதல் தேதி வரும் கூட்டம் மாசியில் கரைவதற்கு முதல் வார அதிக தூரமும் அதனால் வரும் குதிகால் வலியும் பெரிய காரணம்.

நாட்களை ஏன் பரப்ப வேண்டும்? ஒரு முறை நடந்து முடித்ததும் தசைகளின் சிறு குழாய்கள் விரிந்தே இருக்கும், குழாய்களை இறுக்கச் சொல்லும் நரம்புத் தூண்டலும் தணியும். அதனால் பி.பி. சில மணி நேரம், சிலருக்கு மறுநாள் வரைகூட, தாழ்ந்திருக்கும். பிறகு பழைய இடத்துக்கே திரும்பும். இந்தத் தாழ்வு முழுதாகத் தீர்வதற்குள் அடுத்த நடை வர வேண்டும். ஞாயிற்றுக்கிழமை மட்டும் மூன்று மணி நேரம் நடப்பவருக்குத் திங்கள் வரைதான் பலன். வாரக்கணக்கில் விடாமல் செய்யும்போதுதான் குழாய்ச் சுவரே இளகி, ஓய்வில் இருக்கும்போதும் அளவு குறையும்.

இங்கே ஒரு கண்ணி இருக்கிறது. நடந்துவிட்டு வந்து, பேக்கரியில் டீ கூடக் குடிக்காமல், அரை மணி நேரத்தில் அளந்து பார்த்தால் எண் அழகாக இருக்கும். அது தற்காலிகத் தாழ்வு. அதை ஓய்வுநிலை அளவு என்று நோட்டில் எழுதக்கூடாது. அளவு எப்போதும் நடைக்கு முன்.

## 6. எடைப் பயிற்சி: ஐந்தாம் வாரத்திலிருந்து

நான்கு வாரம் நடந்தபின் தொடங்குவதற்குக் காரணம் இருக்கிறது. நடையில் அழுத்தம் படிப்படியாக ஏறி, படிப்படியாக இறங்கும். எடை தூக்கும்போது சில விநாடிக்குள் ஏறி இறங்கும். குழாய்கள் ஓரளவு இளகியபின் அதைத் தாங்குவது எளிது.

முதலில் எடையை விடுங்கள், மூச்சைப் பழகுங்கள். 20 லிட்டர் தண்ணீர் கேனைத் தரையிலிருந்து தூக்கி ஸ்டாண்டில் கவிழ்க்கும்போது உடம்பு என்ன செய்கிறது என்று பாருங்கள். தொண்டை தானாக அடைத்துக்கொள்ளும், வயிறு பாறையாகும், முகம் சிவக்கும், கேன் உட்கார்ந்த பிறகுதான் "ஹப்பா" என்று மூச்சு வெளியே வரும். இதைத்தான் தம் கட்டித் தூக்குவது என்கிறோம். அந்த மூன்று நான்கு விநாடியில் மார்புக்குள் ஏறும் அழுத்தம் முழுவதும் தமனிகளிலும் சேருகிறது. இறுகிய தசைகள் தமக்குள் ஓடும் குழாய்களையும் நசுக்குகின்றன. 1985-இல் கனடாவில், பயிற்சி பெற்ற உடற்கட்டு வீரர்களின் தமனிக்குள் குழாய் செருகி நேரடியாக அளந்தார்கள். இரு காலாலும் கனமான எடையை உதைத்துத் தள்ளும்போது அவர்களின் சராசரி 320/250 வரை போனது. தம் கட்டுவதும், இனி ஒரு முறைகூட முடியாது என்ற கட்டம் வரை தூக்குவதும் சேர்ந்தால் வரும் உயரம் அது. இரண்டையும் தவிர்த்தால் அந்தப் பக்கமே போகாது.

பழக்கம் எளியது: முக்கும் பக்கம் மூச்சு வெளியே, திரும்பும் பக்கம் மூச்சு உள்ளே. நாற்காலியிலிருந்து எழும்போது உதட்டைக் குவித்து ஊதிக்கொண்டே எழுங்கள், உட்காரும்போது இழுங்கள். சந்தேகம் வந்தால் எண்ணிக்கையை உரக்கச் சொல்லுங்கள். வாய்விட்டு எண்ணுபவரால் தம் கட்ட முடியாது.

ஐந்து அசைவு போதும். நாற்காலியில் உட்கார்ந்து எழுவது. சுவரில் கை ஊன்றித் தண்டால். ஜன்னல் கம்பியில் ரப்பர் பட்டையை மாட்டி, முழங்கை பின்னால் போகும்வரை இழுப்பது. பாதி நிரப்பிய 5 லிட்டர் கேனைக் கைக்கு ஒன்றாகப் பிடித்து, முதுகு நேராக, இடுப்பிலிருந்து குனிந்து நிமிர்வது. பாதி என்றால் கைக்கு இரண்டரை கிலோ. சுவரைத் தொட்டபடி குதிகாலை உயர்த்தி இறக்குவது. தலைக்கு மேல் எடை தூக்குவதை முதல் மூன்று மாதம் சேர்க்க வேண்டாம்.

ஒவ்வொன்றும் 12 முறை, ஒரு சுற்று. அசைவுக்கு அசைவு ஒன்றரை நிமிடம் ஓய்வு. அழுத்தம் இறங்கி வர அந்த நேரம் வேண்டும். இன்னும் மூன்று முறை செய்ய முடியும் என்று தோன்றும்போதே நிறுத்திவிட வேண்டும். ஒரு சுற்றுக்குள் அழுத்தம் ஒவ்வொரு முறைக்கும் கொஞ்சம் கொஞ்சமாக ஏறி, கடைசி முறைகளில்தான் உச்சம் தொடும். கை நடுங்க, பல்லைக் கடித்துச் செய்யும் அந்தக் கடைசி மூன்றும்தான் ஆபத்தானவை. அவற்றை விட்டுவிட்டால் பலனில் பெரிய நஷ்டம் இல்லை.

வாரத்துக்கு இரண்டு நாள், நடுவில் இரண்டு நாள் இடைவெளி: செவ்வாய், வெள்ளி என்று வைத்துக்கொள்ளலாம். ஏழாம் வாரம் இரண்டு சுற்று. 15 முறையும் எளிதாக வரும்போது கேனில் அரை லிட்டர் கூட்டுங்கள். முறையை முதலில் கூட்டி, எடையை அப்புறம்தான் கூட்ட வேண்டும். இளைஞர்களைப் பார்த்து ஜிம்மில் கிடைக்கும் காஃபின் கலந்த பவுடரைக் குடிக்க வேண்டாம்; அதுவே பி.பி.யை ஏற்றும்.

கழுத்தைப் பிளப்பது போன்ற திடீர்த் தலைவலி தூக்கும்போது வந்தால், அன்றோடு நிறுத்தி மருத்துவரிடம் போக வேண்டும். மறுநாள் சரியாகிவிட்டது என்று திரும்பவும் தூக்கக்கூடாது.

## 7. சுவரில் சாய்ந்து அசையாமல் நிற்பது

2023-இல் 270 ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்த ஒரு தொகுப்பில், ஓய்வுநிலை அழுத்தத்தை அதிகம் இறக்கியது இந்த அசையாப் பயிற்சிதான்: மேல் அளவில் சராசரி 8 புள்ளி. அதனால் பலர் இதிலேயே தொடங்க ஆசைப்படுகிறார்கள். தொடங்கக்கூடாது. அசையாமல் நிற்கும் அந்த நேரத்தில் அழுத்தம் விநாடிக்கு விநாடி ஏறிக்கொண்டே போகும். விட்டதும் நசுங்கியிருந்த குழாய்களில் ரத்தம் பாய்ந்து, அவை விரியும். பலன் அங்கிருந்துதான் வருகிறது என்று கருதப்படுகிறது.

ஒன்பதாம் வாரத்தில், மேல் அளவு 160-க்குக் கீழ் வந்திருந்தால் மட்டும் சேர்க்கலாம். சுவரில் முதுகைச் சாய்த்து, உயரமான ஸ்டூலில் உட்கார்வது போல் சற்றே இறங்கி 30 விநாடி. இரண்டு நிமிடம் ஓய்வு. இப்படி நான்கு முறை, வாரத்தில் மூன்று நாள். ஒவ்வொரு வாரமும் சில விநாடி கூட்டி, கடைசியில் இரண்டு நிமிடத்துக்குக் கொண்டுவரலாம். மூச்சு இயல்பாக ஓட வேண்டும். முட்டி பழுதானவர்கள் இதை விட்டுவிடலாம்.

## 8. 13-ஆம் வாரம்: கணக்குப் பார்ப்பது

ஒரு கணக்கைப் போட்டே பார்க்கலாம். சோமனூர்ப் பக்கம் தறி வைத்திருக்கும் 49 வயதுக்காரர் என்று வைத்துக்கொள்வோம். அம்லோடிபின் 5 மி.கி. சாப்பிடுகிறார். தொடக்க வாரத்தில், முதல் நாளை நீக்கியபின் அவருடைய நாள் சராசரிகள்: 148/93, 144/90, 151/94, 146/92, 143/90, 144/93. ஆறையும் கூட்டி ஆறால் வகுத்தால் 146/92.

நாளுக்கு நாள் மேல் அளவு 143-க்கும் 151-க்கும் நடுவில் ஆடுகிறதைக் கவனியுங்கள். அந்த ஆட்டமே 8 புள்ளி. ஆகவே நேற்றைய எண்ணையும் இன்றைய எண்ணையும் ஒப்பிடுவதில் பயன் இல்லை. தினமும் ஒப்பிடுபவர் ஒருநாள் துள்ளுவார், மறுநாள் சோர்ந்து பயிற்சியை விடுவார். நடுவில் உள்ள வாரங்களில் வாரம் ஒரு நாள் பாதுகாப்புக்காக அளந்தால் போதும்.

ஆறாம் வாரம் ஒருநாள் நடைமுடிந்து அரை மணியில் அளந்தார்: 128/80. குணமாகிவிட்டது என்று மாத்திரையை விட்டார். இரண்டு மூன்று நாள் ஒன்றும் தெரியவில்லை, ஏனென்றால் அம்லோடிபின் உடம்பை விட்டு மெதுவாகத்தான் போகும். வாரக் கடைசியில் காலை அளவு 154. அன்றே மாத்திரையைத் திரும்பத் தொடங்கினார். இந்தத் தப்பு மிகச் சாதாரணமாக நடக்கிறது. பயிற்சியால் மாத்திரை குறைய வாய்ப்பு உண்டு, ஆனால் ஏழு நாள் சராசரியை மருத்துவர் பார்த்துக் குறைக்க வேண்டும்.

13-ஆம் வாரம் மறுபடி ஏழு நாள், அதே நாற்காலி, அதே கை, அதே நேரம், நடைக்கு முன். ஆறு நாள் மேல் அளவுகள் 140, 137, 142, 139, 138, 138: சராசரி 139. கீழ் அளவின் சராசரி 88. குறைந்தது 7/4. பயிற்சி தன் வேலையைச் செய்திருக்கிறது. ஆனாலும் 135/85-க்கு மேல்தான் இருக்கிறார். இதைப் பயிற்சியின் தோல்வி என்று எடுத்துக்கொள்ளாமல், நோட்டோடு மருத்துவரிடம் போய் மாத்திரையின் அளவைப் பேச வேண்டும். சோற்றிலும் ஊறுகாயிலும் போகும் உப்பையும் பார்க்க வேண்டும்.

சராசரி கொஞ்சமும் இறங்கவில்லை என்றால் நான்கைச் சரிபாருங்கள்: பேச்சு அளவுகோலில் பாட முடிகிற வேகமா, வலி மாத்திரை ஓடுகிறதா, இரவு ஷிப்டால் தூக்கம் கெடுகிறதா, குறட்டையோடு மூச்சு நின்று நின்று வருகிறதா. கடைசியானது இருந்தால் பயிற்சி மட்டும் போதாது, அதற்குத் தனி மருத்துவம் வேண்டும்.

## 9. மலைப்படிகளும் வெள்ளியங்கிரியும்

படி ஏறுவது சமதரை வேகநடையைப் போல இரண்டு மடங்குக்கும் மேலான உழைப்பு. சென்னிமலையின் 1,320 படியை நேர்த்திக்கடனுக்காக ஆண்டுக்கு ஒருமுறை ஒரே மூச்சில் ஏறுபவர், பயிற்சியில்லாத இதயத்தை அதன் எல்லைக்குக் கொண்டுபோகிறார். 12 வாரம் நடந்து, மேல் அளவு 140-ஐ ஒட்டி வந்தவர், நூறு படிக்கு ஒருமுறை நின்று, பேச முடிகிற வேகத்தில் ஏறலாம். மூச்சு அடங்கியபின் அடுத்த நூறு.

வெள்ளியங்கிரி வேறு கணக்கு. ஏழு மலை, பெரும்பாலும் இரவில், தூக்கம் இல்லாமல், மேலே குளிர்காற்று, பாதி வழியில் நெஞ்சு வலித்தால் டோலி கட்டித்தான் இறக்க முடியும். பிப்ரவரி முதல் மே வரை ஏற அனுமதிக்கும் காலத்தில் மூச்சுத் திணறியும் மாரடைப்பு வந்தும் பக்தர்கள் இறந்த செய்தி வருகிறது. இதயக் கோளாறு, ரத்த அழுத்தம், மூச்சுக் கோளாறு உள்ளவர்கள் வர வேண்டாம் என்று வனத்துறையே சொல்கிறது. பி.பி. மாத்திரை சாப்பிடுபவர், கட்டுக்குள் இருந்தாலும், இதயநோய் மருத்துவரிடம் டிரெட்மில் பரிசோதனை வேண்டுமா என்று கேட்காமல் அடிவாரத்தைத் தாண்டக்கூடாது.

எங்கே ஏறினாலும் நெஞ்சில் பாரம், தாடைக்கோ இடது கைக்கோ பரவும் வலி, குளிர் வியர்வை, கண் இருட்டல் இவற்றில் ஒன்று வந்தால் அந்தப் படியிலேயே உட்கார வேண்டும். "வாயுதானுங்க, இன்னும் கொஞ்சம்தான்" என்று மேலே ஏறவும் கூடாது, தனியாக இறங்கவும் கூடாது. கூட வந்தவர் 108-ஐ அழைக்கட்டும்.

## 10. இடையில் விட்டுப்போனால்

கல்யாணம், தோட்டத்து வேலை, ஆர்டர் நெருக்கடி என்று இரண்டு மூன்று வாரம் விட்டுப்போகும். கிடைத்த இறக்கம் அதற்குள் கரையத் தொடங்கிவிடும், சில வாரத்தில் பழைய எண்ணே வரும். திரும்பும்போது விட்ட இடத்தில் பிடிக்க வேண்டாம். இரண்டு வாரம் விட்டிருந்தால் நடையில் 30 நிமிடத்திலிருந்தும் எடையில் ஒரு சுற்றிலிருந்தும் தொடங்குங்கள். ஒரு மாதத்துக்கு மேல் விட்டிருந்தால் ஏழு நாள் அளவு எடுத்து, முதல் வாரத்திலிருந்து தொடங்குங்கள்.